லேபிள் வியாபாரத்தில் ஆறு ஆண்டுகளாக எழுதும் வாழ்த்துக் கடிதங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் கொடுக்கிறேன். வாடிக்கையாளர் புது யூனிட் திறந்தாலோ, கம்பெனிக்கு வெள்ளி விழா வந்தாலோ கையால் கடிதம் எழுதி அனுப்பும் பழக்கத்தை 2019-இல் தொடங்கினேன். அதற்கு முன்பு ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் ஒரே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு சரி.

இதற்குத் தேவை ஒரு கோடு போட்ட நோட்டுதான். பார்ட்டிக்கு ஒரு பக்கம். முதல் ஆர்டர் தேதி, அன்று அவர்கள் தொழில் நடத்திய இடம், பேச்சுவாக்கில் காதில் விழுந்த ஒரு செய்தி. கடிதத்துக்கு உயிர் தருவது அந்தக் கடைசி வரி.

சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளர் இரண்டாவது யூனிட் திறந்தார். திறப்பு விழாவன்று அவர் போன் ஓய்ந்திருக்காது என்று நான்கு நாள் பொறுத்து எழுதினேன்: "எட்டுத் தையல் மெஷின்களோடு வாடகைக் கொட்டகையில் இருந்தபோது என்னிடம் 2,000 லேபிள் வாங்கினீர்கள். கொட்டும் மழையில் அந்தப் பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றி எடுத்துப்போன கட்டிங் மாஸ்டர்தான் இன்று புது யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். உங்கள் இருவருக்கும் என் வாழ்த்து." அவ்வளவுதான். எங்கள் புது மெஷின் பற்றியோ அடுத்த ஆர்டர் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. மறுநாள் அவரே அழைத்து, கடிதத்தை மாஸ்டரிடம் படித்துக் காட்டியதாகச் சொன்னார். வெறும் 'நன்றி' வந்தால் வாழ்த்து மேலோட்டமாகப் போய்விட்டது என்று பொருள். நாம் எழுதிய செய்தியை அவர்கள் எடுத்துப் பேசினால்தான் மனதில் இறங்கியிருக்கிறது.

முதல் ஆண்டில் கடித உறைக்குள் விலைப்பட்டியலையும் வைத்தேன். "ரேட்டைப் பார்த்துச் சொல்கிறோம்" என்று பதில் வந்தது, வாழ்த்து கொட்டேஷனாகிவிட்டது. இன்னொரு முறை கடிதம் போய்ச் சேர்ந்த அன்றே எங்கள் கணக்குப் பிரிவிலிருந்து பாக்கி கேட்டு மெயில் போனது. அந்தச் சங்கடம் இன்னும் எனக்கு ஆறவில்லை. இப்போது கடிதம் எழுதும் முன் கணக்கரிடம் சொல்லி, அந்தப் பார்ட்டிக்கு ஒரு வாரம் நினைவூட்டலை நிறுத்திவைக்கிறேன். சரக்கில் தகராறு நடந்துகொண்டிருந்தால் கடிதமே எழுதுவதில்லை. முதலில் லேபிளை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

டீக்கடையில் கேட்ட ஆர்டர் செய்திக்கும் வாழ்த்துச் சொல்லக் கூடாது. எந்த பையருக்குத் தைக்கிறோம் என்பதைப் பலர் வெளியே சொல்ல விரும்புவதில்லை. அவர்களே அறிவித்ததற்கு மட்டும் எழுதுகிறேன்.

பெரிய கம்பெனிகளில் இது அத்தனை பலிக்கவில்லை. முதலாளி பெயருக்கு எழுதினால் கடிதம் வரவேற்பறையோடு நின்றுவிடுகிறது. ஆர்டர்களைக் கவனித்து நம்மோடு பேசும் மெர்ச்சண்டைசருக்கு எழுதினால் கிடைக்கிறது, ஆனால் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் உறவும் அவரோடு போய்விடுகிறது. அப்படிப் போன இருவர் புது இடத்திலிருந்து என்னை அழைத்தார்கள். அவர்களுக்கும் நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.