அமெரிக்கா விசா ஃபார்மில் மூன்று சொல்லுக்கு விளக்கம், போனது 1,85,000 ரூபாய்

வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். அக்காவிடம் அப்பா அம்மாவை அனுப்ப ஃபார்ம் நிரப்பித் தருகிறோம் என்று திருச்சியில் ஒரு விசா கன்சல்டன்சி எங்களிடம் 1,85,000 ரூபாய் வாங்கியது. பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள்.

அக்கா அமெரிக்க சிட்டிசன். குடும்பத்தாரை அமெரிக்காவுக்கு அழைக்கும் I-130 மனுவை, அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என அவளே போட்டு அப்ரூவலும் வாங்கிவிட்டாள். அப்புறம் கம்பெனி அவளை இரண்டு வருடத்துக்கு பெங்களூருக்கு அனுப்பியது, அத்தானும் இரண்டு குழந்தைகளும் கூடவே வந்தார்கள். அடுத்த கட்டம் I-864, அதாவது ஸ்பான்சர் கையெழுத்துப் போடும் ஃபார்ம். அதற்குத்தான் அங்கே போனோம்.

அந்த ஆள் மேஜைக்கு எதிரே உட்காரவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். டீ வரவழைத்தார். வெள்ளைத் தாளில் மூன்று சொல்லைத் தமிழில் எழுதி, "ஐயா, இவ்வளவுதான் விஷயம்" என்றார். ஸ்பான்சர் என்றால் வருமானம் காட்டுபவர், உங்கள் மகள்தான் என்று இல்லை, வேண்டுமானால் நாங்களே ஆள் தருகிறோம். டிபென்டென்ட் என்றால் கூடப் போகிற பிள்ளை, 19 வயசுத் தம்பியையும் சேர்த்துவிடலாம். டொமிசைல் என்றால் சொந்த ஊர், தாலுகா ஆபீஸில் இருப்பிடச் சான்று வாங்குங்கள். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அன்றைக்கே 1,85,000 ரூபாயும் கைமாறியது.

மூன்றுமே தப்பு.

மனு போட்டவர்தான் ஸ்பான்சர், அவருக்கு வருமானமே இல்லையென்றாலும் அவர் I-864 கொடுத்தே ஆக வேண்டும். வருமானம் போதாவிட்டால் இன்னொருவர் ஜாயின்ட் ஸ்பான்சராகச் சேரலாம், ஆனால் அவர் அமெரிக்காவில் குடியிருக்கும் சிட்டிசனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். வருகிறவரைத் தாங்குவேன் என்று அதில் போடும் கையெழுத்து சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், பல வருடம் நீளும். அதை முகம் தெரியாத ஒருவர் எதற்காகத் தலையில் ஏற்றிக்கொள்வார்?

தம்பி விஷயம் இன்னும் மோசம். சிட்டிசன் பிள்ளை பெற்றோரை அழைக்கும் விசாவில் கூட யாரையும் டிபென்டென்டாகச் சேர்க்க முடியாது. அப்பா அம்மாவுக்கே தனித்தனி மனு போட்டதும் அதனால்தான். தம்பிக்கு அக்கா தனியாக மனு போட்டால், உடன்பிறப்புக்கான வரிசையில் இந்தியர்கள் 15 வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். I-864-இல் டிபென்டென்ட் என்று வருவதோ ஸ்பான்சர் வீட்டுக் கணக்கு. அக்கா, அத்தான், இரண்டு குழந்தைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேர். 2025 கணக்கில் ஆறு பேருக்கு ஆண்டு வருமானம் சுமார் 54,000 டாலர் காட்ட வேண்டும். இவர்கள் அப்பா அம்மாவை மட்டும் எண்ணி இரண்டு என்று போட்டிருந்தார்கள்.

கடைசியில் கவிழ்த்தது டொமிசைல். அந்தக் கேள்வி அப்பாவைப் பற்றியதே இல்லை, அக்காவைப் பற்றியது. ஸ்பான்சரின் நிரந்தர வீடு எந்த நாட்டில் என்று கேட்கும் கட்டத்தில் இவர்கள் 'இந்தியா' என்று அடித்துவிட்டார்கள், கூடவே அப்பாவின் தாலுகா சான்று. அக்கா தற்காலிகமாகத்தான் வெளியே இருக்கிறாள், அமெரிக்காவோடு தொடர்பு விடவில்லை, அல்லது அப்பா அம்மா போய் இறங்குவதற்குள் அங்கே திரும்பக் குடியேறிவிடுவாள் என்று காட்டியிருக்க வேண்டும். கம்பெனியின் மாற்றல் கடிதம், அங்குள்ள வீடு, பேங்க் கணக்கு, வரி தாக்கல், குழந்தைகளுக்கு அங்கே ஸ்கூல் சேர்க்கை, இப்படி எதையாவது. எல்லாம் அக்காவிடம் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. மும்பையில் மெடிக்கல் முடித்து இன்டர்வியூவுக்குப் போனவர்களை, டொமிசைல் ஆதாரம் கொண்டு வாருங்கள் என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

போன் செய்தால் முதலில் "சார் மீட்டிங்கில் இருக்கார்". அப்புறம் "ஃபைல் பிராசஸில் இருக்கு". நேரில் போனால் வேறு ஒரு பெண், "ஃபார்மில் கையெழுத்துப் போட்டது உங்க அக்காதானே சார், நாங்க டைப் மட்டும்தான்" என்கிறார். 1,85,000 ரூபாய்க்கு டைப்பிங்! பணத்தைத் திருப்பிக் கேட்டால், அது 'கன்சல்டிங் சார்ஜ்', திரும்ப வராதாம். பக்கத்தில் உட்கார்ந்து டீ கொடுத்த ஆள் உள்ளே கண்ணாடி அறையில்தான் இருந்தார், தலையைத் தூக்கவில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. I-864 ஃபார்ம் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் uscis.gov தளத்தில் இலவசம், ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் கூடவே வரும் குறிப்பேட்டில் இருக்கிறது. விசா கட்டணத்தை நேராக அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்தில் கட்டுங்கள். ஸ்பான்சர் ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நிரப்பிய ஃபார்மைக் கையெழுத்துப் போடுபவர் கட்டம் கட்டமாகப் படித்துப் பார்க்கட்டும், முக்கியமாக டொமிசைல் கட்டம். ரசீதில் எந்த வேலைக்குப் பணம் என்று எழுதி வாங்குங்கள், எங்கள் ரசீதில் 'சேவை' என்று ஒரே சொல்தான் இருக்கிறது.