போட்டோவில் வரும் சர்க்யூட், பென்சிலில் கார்னோ மேப்: எட்டு வருட அனுபவம்

ரங்கூனில் மோட்டார் கண்ட்ரோல் போர்டு பழுதுபார்ப்பது என் தொழில். நகர நடுவில் உள்ள மாடிக் கட்டடங்களில் கீழே ஒரு தொட்டி, மொட்டை மாடியில் ஒரு தொட்டி, நடுவில் ஒரு பம்ப் இருக்கும். கரண்ட் வருகிற நேரத்துக்குள் தண்ணீர் மேலே ஏறிவிட வேண்டும். போர்டு கெட்டால் வீட்டுக்காரர்கள் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் பழைய வரைபடத்தைப் போனில் எடுத்து வைபரில் அனுப்புவார்கள். அந்தப் படத்திலிருந்து லாஜிக்கைப் படித்து, கார்னோ மேப் போட்டுச் சுருக்கி, கையில் இருக்கிற ஐசியில் புதுப் போர்டு செய்து கொடுப்பேன். எட்டு வருடமாக இதே முறைதான். இதில் எது கைகொடுத்தது, எது கவிழ்த்தது என்பதை ஒரே ஒரு போர்டை வைத்துச் சொல்கிறேன்.

அந்தப் போர்டுக்கு நான்கு உள்ளீடுகள். A என்பது டைமர். தானாக ஓட வேண்டிய நேரத்தில் 1. B என்பது கை சுவிட்ச். C என்பது மேல் தொட்டி மிதவை. தண்ணீர் வேண்டும் என்றால் 1. D என்பது கீழ்த் தொட்டி மிதவை. தண்ணீர் இருந்தால் 1. வரைபடத்தில் மூன்று உள்ளீட்டு நேண்ட் கேட்டுகள் மூன்று, அவற்றின் வெளியீடுகள் நான்காவது நேண்டில் சேர்கின்றன. ஒரு 4023 ஐசிக்குள் இப்படிப்பட்ட கேட் மூன்றுதான் இருக்கும். ஆகவே பழைய போர்டில் இரண்டு 4023. F என்பது பம்பை ஓட்டும் வெளியீடு, A' என்பது திருப்பிய A. நேண்டுகளைப் பிரித்து எழுதினால் இப்படி வந்தது:

```
F = ACD + A'BD + BCD
```

ஆனால் படத்தைப் பார்த்தவுடன் இது வந்துவிடவில்லை. நேண்டின் நுனியில் இருக்கும் குட்டி வட்டம்தான் போட்டோவில் முதலில் காணாமல் போவது. வைபர் படத்தைச் சுருக்கும்போது வட்டம் கோட்டோடு கரைந்துவிடும். நேண்ட் ஆண்ட் ஆகிவிடும். நான் முதல்முறை படித்தபோது கடைசி கேட்டின் வட்டம் எனக்குத் தெரியவே இல்லை. மேப் போட்ட பிறகுதான் கண்டுபிடித்தேன். D பூஜ்யமாக இருக்கும் இரண்டு நிரல்களிலும் வரிசையாக 1 நின்றது. கீழ்த் தொட்டி காய்ந்து கிடக்கும்போது பம்ப் ஓடு என்று எந்த மனுஷனும் போர்டு செய்யமாட்டான். படம் அனுப்பிய வீட்டுக்காரரிடம் மறுபடி கேட்டேன்: "அண்ணே, அந்த மூலையை மட்டும் கிட்டக்கப் போய், நேரா புடிச்சு எடுத்து அனுப்புங்க." வட்டம் தெளிவாக இருந்தது.

அன்றிலிருந்து குழு போடுவதற்கு முன்னால், மேப்பில் எந்தக் கட்டம் கட்டாயம் 0, எது கட்டாயம் 1 என்று மோட்டாரை நினைத்துப் பார்த்துத்தான் தொடங்குகிறேன். D சம்பந்தப்பட்ட பார்வை நேண்ட் வட்டம் தவறினால் காட்டிக்கொடுக்கும். A-வைத் திருப்பும் இன்வர்ட்டரின் வட்டம் தவறினால் அது காட்டாது. அதற்குக் கீழ்த் தொட்டியில் தண்ணீர் இருந்து, டைமர் இல்லாமல், மேல் தொட்டி கேட்காமல், கை சுவிட்ச் மட்டும் போட்ட கட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 1 இல்லையென்றால் படிப்பில் பிழை. சரியாகப் படித்த மேப் இது:

```
AB\CD  00  01  11  10
00      0   0   0   0
01      0   1   1   0
11      0   0   1   0
10      0   0   1   0
```

நிரலும் வரிசையும் 00, 01, 11, 10 என்றே போக வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறுவதற்காகத்தான் அந்த வரிசை. பழக்கதோஷத்தில் 10-ஐ 11-க்கு முன் எழுதினால், 01-க்கும் 10-க்கும் நடுவே பொய்யான ஒரு ஜோடி உருவாகிவிடும்.

மொத்தம் நான்கு 1. மூன்றாம் நிரலில் மூன்று அடுக்காக நிற்கின்றன. மூன்றைச் சேர்த்துக் கட்ட முடியாது, குழு 1, 2, 4, 8 என்றுதான் இருக்கும். 01 வரிசையில் கிடக்கும் இரண்டும் ஒரு குழு, அது A'BD. நிரலின் கீழ் இரண்டும் ஒரு குழு, அது ACD. நான்கும் அடங்கிவிட்டன. BCD என்ற மூன்றாவது குழு இந்த இரண்டிலும் ஏற்கெனவே இருக்கிற கட்டங்களையே மூடுகிறது. தேவையில்லை என்று அடித்துவிட்டேன்.

```
F = ACD + A'BD
```

மூன்று நேண்ட் போதும், ஒரே 4023. A-வைத் திருப்ப, டைமர் கம்பியைச் சுத்தப்படுத்தும் 40106 ஐசியிலேயே காலி கேட் இருந்தது. ஒரு ஐசி மிச்சம். மேசையில் வைத்துப் பதினாறு நிலையையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன், பதினாறும் சரி. பெட்டியில் மாட்டிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து அண்ணனிடமிருந்து போன். "தம்பி, ஏழு மணி ஆனா மோட்டார் தானா நின்னுடுது. தொட்டியும் நிறையல, கை சுவிட்சும் போட்டுத்தான் இருக்கு. நேத்து மட்டும் நிக்கல." ஏழு மணிக்கு டைமர் முடிகிறது. காலையில் டைமர் தொடங்கும்போது மட்டும் ஒன்றும் ஆவதில்லை. அந்த வித்தியாசம்தான் வழி காட்டியது.

B, C, D மூன்றும் 1 ஆக இருக்கும்போது A 1-லிருந்து 0-க்கு விழுகிறது. மேப்பில் இது 11 வரிசையிலிருந்து 01 வரிசைக்கு ஏறும் ஒரு படி. இரண்டு கட்டத்திலும் 1. ஆனால் அந்த இரண்டு கட்டமும் என் சுருக்கத்தில் வேறு வேறு குழு. A விழுந்தவுடன் ACD கைவிட்டுவிடுகிறது. A'BD பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால் A' எழ வேண்டும், அது 40106-ஐக் கடந்து வரத் தாமதம் ஆகிறது. நடுவில் சுமார் நூறு நானோ நொடிக்கு F 0. டைமர் தொடங்கும்போது A முதலில் எழுகிறது, A' தாமதமாக விழுகிறது. அப்போது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிவதால் இடைவெளி இல்லை.

ரிலே மட்டும் இருந்தால் அந்த நூறு நானோ நொடி அதற்குத் தெரியவே தெரியாது. இந்தப் போர்டில் F விழுந்தால் 4013 ஃபிளிப்-ஃபிளாப் ரீசெட் ஆகும். மறுபடி ஓட ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாகக் கிளம்பக் கூடாது என்பதற்காக வைத்தது. 4013 உணரும் அகலத்துக்கு இந்தத் துடிப்பு ஓரத்தில் நிற்பதால் சில நாள் மாட்டும், சில நாள் தப்பும். நண்பரின் ஆசிலோஸ்கோப்பை வாங்கி, ஒருமுறை மட்டும் பிடிக்கும் ட்ரிகரில் வைத்து டைமரை அணைத்தேன். F கோட்டில் ஊசி மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது.

நான் வேண்டாம் என்று அடித்த BCD-யில் A-வே இல்லை. A எப்படி மாறினாலும் அது F-ஐத் தாங்கி நிற்கும். பழைய போர்டைச் செய்தவர் அதற்காகத்தான் இரண்டாவது 4023-ஐச் செலவழித்திருக்கிறார். அந்த ஐசியைத் திரும்பப் போட்டேன். ஏழு மணிப் பிரச்சினை அத்தோடு போனது.

நான்கு உள்ளீடு வரைக்கும் கார்னோ மேப்புக்கு இணையாக வேறெதையும் நான் தேடவில்லை. ஐந்து என்றால் இரண்டு மேப்பை அடுக்கிப் பார்க்க வேண்டும், அங்கே என் கண் தடுமாறுகிறது. அதைக் கணினியில்தான் செய்கிறேன். பதினாறு நிலைச் சோதனையை நான் விடவில்லை, ஆனால் அது நின்றுகொண்டிருக்கும் நிலைகளைத்தான் பார்க்கும், தாவலைப் பார்க்காது. அதனால் குழு போட்டு முடித்தவுடன் சிவப்புப் பென்சில் எடுத்து, ஒட்டி நின்றும் ஒரே குழுவில் சேராத 1-களுக்கு நடுவே ஒரு கோடு போடுகிறேன். F ரிலேக்கு மட்டும் போனால் கோட்டை அப்படியே விட்டுவிடுவேன். ஃபிளிப்-ஃபிளாப், கவுண்டர் மாதிரி எதற்காவது போனால் அந்தக் கோட்டின்மேல் இன்னொரு குழு போட்டுவிட்டுத்தான் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவேன்.