அம்மாவுக்குப் பணம்: அட்டையா, கைத்தொலைபேசிக் குறியீடா?

நான் வவுனியாவில் வேலை செய்கிறேன். அம்மா புதுக்குடியிருப்பிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு கிராமத்தில் இருக்கிறார். பணம் எடுக்கும் இயந்திரம் பட்டினத்தில்தான் இருக்கிறது. முழங்கால் வலியோடு அவரால் பஸ் ஏறி இறங்க முடியாது. அதனால் முதல் நான்கு வருடங்கள் அவருடைய கணக்குக்குப் பணம் போட்டு வந்தேன். அவர் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பட்டினத்துக்குப் போகும் யாரிடமாவது கொடுத்து எடுப்பிப்பார். இப்போது ஒன்றரை வருடமாக, அட்டையே இல்லாமல், என் கைத்தொலைபேசியில் உருவாக்கும் குறியீட்டின் மூலம் பணம் எடுக்க வைக்கிறேன். இரண்டிலும் எது நல்லது என்று கேட்டால், என் நிலைமையில் இருப்பவர்களுக்குக் குறியீடுதான் என்பேன்.

கையில் அட்டையோடு தானே இயந்திரத்துக்குப் போகக்கூடியவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அட்டையைச் செருகி, இலக்கத்தை அழுத்தி, பணத்தை எடுத்துக்கொண்டு போகலாம். வித்தியாசம் தெரிவது, நமக்காக வேறொருவர் போகும்போதுதான்.

அட்டையையும் இலக்கத்தையும் ஒருவரிடம் கொடுத்தால், கணக்கு முழுவதையும் கொடுத்துவிட்டோம் என்றுதான் பொருள். பத்தாயிரம் எடுத்து வரச் சொன்னாலும், நாளாந்த எல்லை வரை அவரால் எடுக்க முடியும். நாளைக்கும் எடுக்க முடியும். இலக்கத்தைப் பிறரிடம் சொல்லக்கூடாது என்பது வங்கியின் நிபந்தனை. ஆகவே ஏதும் நடந்தால் பொறுப்பு நம் தலையில்தான் விழும். குறியீடு அப்படியல்ல. அது ஒரு தொகைக்கு, ஒரு தடவைக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே செல்லும்.

திருட்டைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் திருடவில்லை. ஆனாலும் ஒரு மனக்கசப்பு வந்தது. ஒரு மாசி மாதம், அறுவடை இயந்திரக் கூலி கொடுப்பதற்காக என் பெறாமகன் அம்மாவின் அட்டையைக் கொண்டுபோய்ப் பத்தாயிரம் எடுத்து வந்தான். பிறகு கணக்கைப் பார்த்தால் நான்கு நிமிட இடைவெளியில் இரண்டு பத்தாயிரம் கழிக்கப்பட்டிருந்தது. முதல் தடவை இயந்திரம் பணம் தரவில்லை, மறுபடி அழுத்தினேன் என்றான். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவன் முகத்தைப் பார்க்காமல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனார். ஐந்து நாள் கழித்து அந்த முதல் பத்தாயிரம் கணக்குக்குத் திரும்பி வந்தது. இயந்திரத்தில் இருக்கும் நோட்டுகளை எண்ணிக் கணக்கோடு சரிபார்க்கும்போது வெளியே வராத பணம் மிச்சமாகத் தெரியும். பிழையாகக் கழிக்கப்பட்டதை அதை வைத்துத்தான் திருப்பிப் போடுகிறார்கள். அவன் உண்மையைத்தான் சொன்னான். அந்த ஐந்து நாளும் நாங்கள் அவனைச் சந்தேகித்ததுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

குறியீட்டு முறையிலும் இயந்திரம் பணம் தராமல் விடலாம். ஆனால் ஒரு குறியீட்டுக்கு ஒரு கழிவுதான். இரண்டாவது முறை எடுப்பதென்றால் நான்தான் புதிய குறியீடு கொடுக்க வேண்டும். எனவே நடந்தது எல்லாம் என் கண் முன்னால் நடக்கிறது. அவன் இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போதே எனக்கு அழைப்பெடுப்பான். நான் செயலியைப் பார்த்து வங்கிக்குச் சொல்லலாம். யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

எங்கள் வங்கியின் செயலியில் அது நடக்கும் விதம் இது. அட்டையில்லாப் பணம் என்ற பகுதிக்குப் போய், தொகையையும் பணம் எடுக்கப் போகிறவரின் கைத்தொலைபேசி இலக்கத்தையும் கொடுக்கிறேன். பிறகு நானே நான்கு இலக்கம் ஒன்றைத் தெரிவுசெய்கிறேன். வங்கி இன்னொரு இலக்கத்தை அவனுடைய தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. என்னுடைய நான்கு இலக்கத்தை நான் அவனுக்கு அழைப்பெடுத்துச் சொல்கிறேன். இயந்திரத்தில் அவன் அட்டையில்லாச் சேவையைத் தெரிவுசெய்து, தன் தொலைபேசி இலக்கம், இரண்டு குறியீடுகள், தொகை ஆகியவற்றை அழுத்துகிறான். குறியீட்டின் இரண்டு பாதிகளும் இரண்டு வழியாகப் போவதால், குறுஞ்செய்தியை மட்டும் பார்த்தவரால் பணம் எடுக்க முடியாது. பெறுபவரிடம் செயலியோ இணையமோ வேண்டியதில்லை, பழைய பொத்தான் தொலைபேசியே போதும். இயந்திரத் திரையில் தோன்றும் கியூஆர் படத்தைச் செயலியால் வருடும் முறையும் சில இடங்களில் உண்டு. அதில் கணக்குக்காரரே அந்த இடத்தில், இணைய இணைப்போடு நிற்க வேண்டும். அதை நான் இரண்டு தடவைதான் செய்திருக்கிறேன். தானே போய் எடுப்பவருக்கு அது சரி, அம்மாவின் தேவைக்கு உதவாது.

பிழைத்துப்போன நாள்களும் உண்டு. ஒருமுறை உரத்துக்கும் மருந்துக்குமாகப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாவுக்குக் குறியீடு போட்டேன். அன்று இயந்திரத்தில் ஐந்நூறு ரூபா நோட்டு இல்லை. அட்டை என்றால் அங்கேயே பன்னிரண்டாயிரம் என்று மாற்றி அழுத்தியிருக்கலாம். குறியீட்டில் தொகை முதலிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது. இயந்திரம் மறுத்தது, பெறாமகன் வெயிலில் நின்றான், நான் அதை இரத்துச் செய்து புதிதாகப் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு முழு ஆயிரத்தில்தான் போடுகிறேன். இன்னொரு தடவை குறுஞ்செய்தி வரத் தாமதமாகி, அதற்குள் குறியீட்டின் நேரம் முடிந்துவிட்டது. காலாவதியான குறியீட்டின் பணம் கணக்கை விட்டுப் போகாது. போட்டபோது ஒதுக்கி வைக்கப்பட்ட தொகை மீண்டும் இருப்பில் சேர்ந்துவிடும். ஆனாலும் முதல் தடவை அதைப் பார்க்கும்போது நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். இப்போதெல்லாம் அவன் இயந்திரத்தடிக்குப் போய்ச் சேர்ந்த பின்னரே குறியீட்டை உருவாக்குகிறேன்.

அட்டை வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது. லங்காபே வலையமைப்பில் இணைந்த இயந்திரங்களில், கட்டணம் கொடுத்து, வேறு வங்கியின் அட்டையையும் பயன்படுத்தலாம். எங்கள் குறியீடு எங்கள் வங்கியின் இயந்திரத்தில் மட்டும்தான் செல்லும். ஒன்றிரண்டு இயந்திரங்கள் மட்டும் இருக்கும் பட்டினத்தில், அதுவும் சம்பள நாளில், நம் வங்கியின் இயந்திரத்தில் பணம் தீர்ந்துவிட்டால் அட்டைக்காரர் அடுத்த இயந்திரத்துக்குப் போய்விடுவார். குறியீட்டுக்காரர் பரந்தன் வீதியில் விசுவமடுப் பக்கமாகவோ, எதிர்த்திசையில் முல்லைத்தீவுக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கும். அட்டையில்லா எடுப்புக்கு நாளாந்த எல்லையும் குறைவாக இருப்பது வழக்கம். பெரிய தொகை தேவைப்படும் நெல் விதைப்புக் காலத்தில் அது இடிக்கும்.

மோசடிக்காரர்களைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றை மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். குறியீடு என்பது பணம் எடுப்பதற்கு மட்டுமே தேவைப்படும் ஒன்று. பரிசு விழுந்திருக்கிறது, உதவிப் பணம் வந்திருக்கிறது, உங்கள் தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், அவர் பணம் தர வரவில்லை, எடுக்கத்தான் வந்திருக்கிறார். அம்மா அதைப் பக்கத்து வீட்டு அக்காமாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அம்மாவின் அட்டையை நாங்கள் நிறுத்திவிடவில்லை. நெல் விற்ற பணம் அவருடைய கணக்கில்தான் இருக்கிறது. இயந்திரத்தில் பணம் தீர்ந்த நாளுக்கும் அது வேண்டும். ஆனால் வங்கிப் புத்தகத்தின் பின் அட்டைக்குள் செருகியிருந்த, இரகசிய இலக்கம் எழுதிய துண்டுக் காகிதத்தைப் போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது எடுத்து அடுப்பில் போட்டேன். புதிய இலக்கத்தை அம்மா மனதில் வைத்திருக்கிறார்.