நீண்ட மின்னஞ்சல் இழையை எங்கே வெட்டுவது: மூன்று வழிகள்

திருப்பூர் பனியன் ஆர்டர் ஒன்றை வைத்துப் பார்ப்போம். மொத்தம் 20 மடல்கள். ஒவ்வொன்றிலும் புதிதாக எழுதியது 80 சொல் என்று கொள்வோம். ஒவ்வொரு பதிலும் பழைய மடல்களை அடியில் இழுத்துக்கொண்டே வருவதால், 1,600 சொல் இருக்க வேண்டிய இழை 16,000 சொல்லுக்கும் மேலாக வீங்கிவிடும். ஆர்டரின் இறுதி எண்ணிக்கையைச் சொல்லும் நிரலிடம் இதை அப்படியே கொடுத்தால், பழைய எண்ணிக்கையைப் பல தடவையும் புதியதை ஒரே ஒரு தடவையும் படித்துக் குழம்பும்.

முதல் வழி, கடைசி மடலை மட்டும், அடியில் தொங்கும் பழைய மடல்களின் வாலோடு கொடுப்பது. எல்லாரும் கடைசி மடலுக்கே பதில் போட்டிருந்தால் இது அருமையான வழி, முழு இழையும் ஒரே மடலில் கிடைத்துவிடும். ஆனால் நம் இழையில் 14ஆம் மடலுக்கு இரண்டு பேர் பதில் போட்டார்கள். 15ஆம் மடலில் வாங்குபவர் "500 வேண்டாம், 650 ஆக்குங்கள்" என்றார். 16ஆம் மடலில் சாயப்பட்டறைக்காரர் நிறம் பற்றிக் கேட்டார். பேச்சு 16இலிருந்து தொடர்ந்ததால், 20ஆம் மடலின் வாலில் 650 இல்லவே இல்லை. இப்படிக் கிளை பிரிந்ததை `In-Reply-To` தலைப்பில் பார்க்கலாம்: இரண்டு மடல்களில் ஒரே மதிப்பு இருக்கும்.

இரண்டாவது, கடைசி 5 மடல்களை எடுப்பது. எழுத எளிது, ஆனால் 16 முதல் 20 வரைதான் வரும், 15 போச்சு. அதோடு அந்த ஐந்தும் ஒரே வாலைத் திரும்பத் திரும்பச் சுமந்து வரும்.

மூன்றாவதுதான் என் தேர்வு. முதலில் ஒவ்வொரு மடலிலும் பழைய பகுதியை உரித்துவிட வேண்டும். ஜிமெயிலில் அது `gmail_quote` என்ற பகுதிக்குள் இருக்கும், அவுட்லுக்கில் பெரும்பாலும் `From:`, `Sent:` வரிகளுக்குக் கீழே. அப்புறம் புதியதிலிருந்து பின்னோக்கி 1,000 சொல் வரை நிரப்பி, முதல் மடலுக்கும் ஓர் இடம் ஒதுக்கினால் 1ஆம் மடலும் 10 முதல் 20 வரையும் சேர்ந்து 960 சொல் ஆகும். 650 உள்ளே வந்துவிடும், எது மாறி 650 ஆனது என்பதும் தெரியும். வரிசைப்படுத்த `Date` தலைப்பை நம்பாதீர்கள், அது அனுப்புபவரின் கணினிக் கடிகாரம். சர்வரில் வந்து சேர்ந்த நேரமே நல்லது.

இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. சிலர் கேள்விக்குக் கீழேயே வரிவரியாகப் பதில் எழுதுவார்கள். அங்கே `>` என்று தொடங்கும் பழைய வரிகளை உரித்தால் "ஆமாம்", "வேண்டாம்" மட்டும் மிஞ்சும், எதற்கு என்று தெரியாது. `>` வரிகளுக்கு நடுவே புதிய வரிகள் கலந்து வந்தால் அந்த மடலைத் தொடாமல் விடுங்கள். ஃபார்வர்ட் மடலும் அப்படியே: "கீழே பாருங்கள்" என்ற இரண்டே சொல் மிஞ்சினால், விஷயம் முழுக்க உரித்த பகுதியில்தான் இருக்கிறது. உரித்தபின் பத்துச் சொல்லுக்குக் குறைவாக நிற்கும் மடல்களைத் தனியே எடுத்து ஒருமுறை கண்ணால் பாருங்கள், பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் மாட்டும்.