ஒரு படத்துக்கு மூன்று ட்ரெய்லர், நடுவே ஒரு பாண் ஓட்டோ

படம் 16 நிமிடம். திருகோணமலைத் திருக்கடலூரில் தனியாக இருக்கும் ஓர் அம்மம்மாவுக்கு, கட்டாரிலிருந்து பேரன் ஞாயிறுதோறும் போன் எடுக்கிறான். மூன்று அழைப்புகள், அவ்வளவுதான் கதை. மூன்றாவது அழைப்பில் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால், தெருத்தெருவாகப் பாண் விற்றுவரும் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்கிறது. கட்டாரில் ஏது பாண் ஓட்டோ? ஏஜென்சிக்காரனிடம் காசைக் கொடுத்து ஏமாந்தவன், வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு பக்கத்து உப்புவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறான். அம்மம்மாவுக்கு விளங்கிவிடுகிறது. ஆனால் அதைக் கேட்காமல், "அங்க வெக்கை எப்பிடித் தம்பி?" என்கிறார். படம் முடிகிறது. ஊரில் திரையிட்டாயிற்று, அதனால் முடிவைச் சொல்வதில் பாவமில்லை.

இதற்கு இரண்டு நிமிட ட்ரெய்லர் வேண்டும் என்றார் இயக்குநர். இரண்டரை மணி நேரப் படத்தில் இரண்டு நிமிடம் என்பது எழுபத்தைந்தில் ஒரு பங்கு. இங்கே எட்டில் ஒரு பங்கு. பெரிய படத்தில் நல்ல ஷொட்டாகப் பொறுக்கி எடுத்தாலும் கதை தப்பிவிடும். குறும்படத்தில் அப்படிப் பொறுக்கினால் கதையே கையோடு வந்துவிடும். அதனால் மூன்று விதமாக வெட்டிப் பார்த்தேன்.

முதலாவது நேர்வரிசை. படத்தின் முதல் பத்து நிமிடத்திலிருந்து மட்டும் எடுத்து, வந்த ஒழுங்கிலேயே சுருக்கி, இரண்டாவது அழைப்போடு நிறுத்துவது. கடைசி ஆறு நிமிடத்தைத் தொடவே இல்லை என்பதால் பத்திரமான வழி என்றுதான் நானும் நினைத்தேன். இயக்குநர் பார்த்துவிட்டு, "அண்ணா, படமே பாத்து முடிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். அதுகூடப் பரவாயில்லை. படம் பார்க்காத இரண்டு பேரிடம் காட்டிக் கேட்டபோது இருவருமே, "பேரன்ர முகத்தையே காட்டேல்ல, ஏதோ இருக்கு" என்றார்கள். ஒருவர் பேரன் செத்துவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டார். படத்தில் பத்து நிமிடம் முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் யாரும் கவனிப்பதில்லை, அம்மம்மாவின் கைவேலையில் கண் போய்விடும். அதையே இரண்டு நிமிடமாகச் சுருக்கினால் இல்லாத முகம்தான் பெரிதாகத் தெரிகிறது. முடிவை வெட்டிவிட்டோம் சரி, அது இருந்த இடம் ஓட்டையாகத் தெரிந்தால் என்ன பயன்?

இரண்டாவது திசைதிருப்பல். படம் முழுவதிலிருந்தும், கடைசிக் காட்சியிலிருந்தும்கூட, ஷொட்டுகளை எடுத்துக் கலைத்துப்போட்டு, ஒரு காட்சியின் வசனத்தை இன்னொரு காட்சியின் மேல் ஓட்டுவது. பார்க்க மிக விறுவிறுப்பாக வந்தது இதுதான். குசினியில் ஆவி பறக்க நிற்கும் பையன், வாசலில் திடுக்கிட்டுத் திரும்பும் அம்மம்மா, அதன் மேல் "எனக்குத் தெரியும்" என்ற குரல் (அவர் அதைச் சொன்னது மீன்காரனிடம், விலையைப் பற்றி). ஏதோ குற்றக்கதை போல இருந்தது. இதில் இரண்டு சிக்கல். ட்ரெய்லரில் கண்ட ஷொட்டைப் பார்வையாளர் மனதில் கணக்கு வைத்திருப்பார். படத்தில் பன்னிரண்டு நிமிடம் போய்விட்டது, அந்தக் குசினி இன்னும் வரவில்லை என்றால், இனி வரும் என்று காத்திருப்பார். ட்ரெய்லரில் அந்த ஷொட்டுக்கு என்ன அர்த்தம் கொடுத்து ஏமாற்றினாலும், அது வரப்போகிறது என்ற சேதியை மறைக்க முடியாது. அதோடு, குசினி ஜன்னலுக்கு வெளியே தெரிவது உப்புவெளிக் கரை. வேறு ஊரார் கட்டார்க் கடல் என்று நம்பலாம். திருகோணமலையில் பிறந்தவனுக்கு ஒரு செக்கன் போதும்.

இந்த வெட்டில்தான் நான் கவனிக்காத ஒன்றும் நடந்தது. மூன்றாவது அழைப்பிலிருந்து "நான் நல்லா இருக்கிறன் அம்மம்மா" என்ற வரியை எடுத்திருந்தேன். அந்த வரி முடியுமுன்னே, எட்டு பிரேம் அளவுக்கு, பாண் ஓட்டோவின் பாட்டு ஆரம்பித்துவிடுகிறது. செக்கனுக்கு 25 பிரேம் என்றால் அது மூன்றில் ஒரு செக்கன்கூட இல்லை. போனில் வருகிற குரல்போல இருக்க 300 ஹேர்ட்ஸுக்குக் கீழும் 3400க்கு மேலும் சத்தத்தை வெட்டியிருந்ததால், பாட்டும் ஈர்க்குப்போல மெலிந்து கிடந்தது. கணினி ஸ்பீக்கரில் எனக்குக் கேட்கவில்லை. ஹெட்போன் போட்டுப் பார்த்த தம்பி ஒருவன், "போனுக்குள்ள பாண்காரன் வாறான்" என்றான். மொத்த ரகசியமும் அந்த எட்டு பிரேமில் இருந்தது! என்னிடம் இருந்ததோ எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்த ஒரே ட்ராக், பாட்டை மட்டும் உருவி எடுக்க வழியில்லை. ட்ரெய்லர் வெட்டுபவர் வசனம், இசை, சூழல் ஒலி மூன்றையும் தனித்தனிக் கோப்பாகக் கேட்டு வாங்கிய பிறகுதான் உட்கார வேண்டும்.

படத்தைத் தொடாமல் ட்ரெய்லருக்கென்றே புதிதாகப் படமெடுக்கும் வழியும் உண்டு. 1960இல் சைக்கோவுக்கு ஹிட்ச்காக் அதைத்தான் செய்தார். ஆறு நிமிடத்துக்கு மேல் அவரே செட்டைச் சுற்றிக் காட்டுவார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்கும்போது அலறுவதுகூட படத்தில் அந்தக் காட்சியில் நடித்த ஜேனட் லீ இல்லை, வெரா மைல்ஸ். எங்களிடம் கமராவும் இல்லை காசும் இல்லை, ஆகவே அதை விட்டுவிடுவோம்.

மூன்றாவது, ஒரே காட்சி. நான் கொடுத்தது இதைத்தான். மூன்றாம் நிமிடத்தில் வரும் முதல் அழைப்பை ஏறக்குறைய முழுதாக, 75 செக்கன், அப்படியே விட்டேன். அம்மம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு, சத்தம் கூடட்டும் என்று பித்தளைச் செம்புக்குள் நிறுத்திவிட்டு முருங்கையிலை உருவுகிறார். பேரன் பேசப் பேசக் குரல் செம்புக்குள் முழங்குகிறது. ஒரே காட்சி என்பதால் பேரனின் முகத்தை யாரும் தேடுவதில்லை, போனில் பேசுகிறவனின் முகம் தெரியாதது இயல்புதானே. முன்னால் 25 செக்கன் தெருவும் வீடும். பின்னால் 10 செக்கன் கறுப்புத்திரையில் போன் மணி மட்டும். கடைசி 10 செக்கன் படத்தின் பெயர். படத்தின் நிதானம் அப்படியே தெரிகிறது, விறுவிறுப்பை எதிர்பார்த்து வந்து ஏமாற யாரும் இல்லை. குறையும் உண்டு. போனில் தள்ளித்தள்ளிப் பார்க்கிறவர் முதல் 25 செக்கனிலேயே போய்விடுவார். இயக்குநருக்கு அதில் இன்னும் கவலைதான்.

மிச்சம் இருந்தது பாண் ஓட்டோ. அதில் ஒலிக்கும் பீத்தோவனின் ஃபியூர் எலீஸையே ட்ரெய்லரின் பின்னணி இசையாகப் போடலாம், பழைய மெட்டு, உரிமைப் பிரச்சினை வராது என்றார் இசையமைப்பாளர். மெட்டுக்கு வராது, வேறொருவர் வாசித்த பதிவுக்கு வரும் என்பது ஒருபுறம். இசையாகப் போட்டால் காது அதைப் பிடித்துக்கொள்ளும், பிறகு படத்தில் எங்கே வந்தாலும் நிமிர்ந்து உட்காருவார்கள். முழுதாக எடுத்துவிடவும் மனமில்லை. படத்தில் உள்ளபடியே, முதல் 25 செக்கனில் தெருச் சத்தத்தோடு சத்தமாக ஒருமுறை போகவிட்டேன்.

கடைசி வெட்டைக் காட்டியது பக்கத்து வீட்டு மாமிக்கு. விறாந்தையில் இருந்து பார்த்தவர், பாட்டுக் கேட்டதும் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்தபடி படலைக்கு எழும்பிப் போய்விட்டார்.