பி.இ. தேர்வு: இப்பவேவா, நாலு வருஷம் கழித்தா?

அமெரிக்காவின் டெக்சாஸில், பொறியாளர் உரிமத்துக்கான முதல் தேர்வான எஃப்.இ.யின் 110 கேள்விகளைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வழி. அடுத்ததான பி.இ., அதாவது புரொஃபஷனல் எஞ்சினியர் தேர்வை உடனே எழுதினால் படித்தது மறந்திருக்காது, ஆனால் பாஸானாலும் உரிமம் கைக்கு வர, உரிமம் பெற்ற பொறியாளர் சாட்சி சொல்லும் நாலு வருஷ அனுபவம் வேண்டும். காத்திருந்தால் கணக்கு துருப்பிடிக்கும், குழந்தை குட்டி என்று நேரமும் இருக்காது. என் ஓட்டு முதலாவதுக்கு.

ஆனால் வரைபடத்துக்குப் பொறுப்பேற்று முத்திரை குத்தக் கற்றுத்தருவது அந்த நாலு வருஷம்தான். 1981இல் கான்சாஸ் சிட்டி ஹையாட் ஹோட்டலில் நடைபாலங்கள் விழுந்து 114 பேர் செத்தார்கள். பாலங்களைத் தொங்கவிடும் ஒரே நீளக் கம்பியை இரண்டாகப் பிரித்ததில் மேல்பாலத்தின் இணைப்புக்குச் சுமை இரட்டிப்பானது. அந்த மாற்றம் இருந்த, எஃகு பாகங்கள் செய்யும் பட்டறையின் வரைபடத்தில் பொறியாளர் முத்திரை இருந்தது, இணைப்பை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு பொறியாளர்களின் மிசௌரி உரிமம் போனது.