'எப்படியும் முடிச்சுடலாமுங்க': ஒரு வாய்ஸ் மெசேஜை மூன்று விதமாக ஆங்கிலப்படுத்திப் பார்த்தால்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். முதலாளி வண்டி ஓட்டிக்கொண்டே வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவார். அதை ஆங்கிலத்தில் எழுதி இங்கிலாந்தில் இருக்கும் பையருக்கு நாம் அனுப்ப வேண்டும். சரக்கு ஃபேக்டரியை விட்டு வெளியே போக வேண்டிய தேதி 20. துணிக்குச் சாயமிடும் டையிங் வேலை தள்ளிப்போனபோது எனக்கு வந்த மெசேஜ் இப்படி இருந்தது:

"தப்பா நெனச்சுக்க வேண்டாமுன்னு சொல்லுங்க. டையிங்ல கொஞ்சம் லேட்டாயிருச்சுங்க. எப்படியும் 24ந்தேதிக்குள்ள முடிச்சுடலாமுங்க. அவங்களே பார்த்து ஒரு நாலு நாள் சேத்திக் குடுத்தா நல்லாருக்கும்."

கொங்குத் தமிழில் இதைவிடப் பணிவாகக் கேட்க முடியாது. இதை ஆங்கிலமாக்க எங்கள் ஆபீசில் மூன்று வழிகள் புழங்குகின்றன.

முதல் வழி, சொல்லுக்குச் சொல். 'டோன்ட் மிஸ்டேக் அஸ், லிட்டில் டிலே இன் டையிங், சம்ஹவ் வீ கேன் ஃபினிஷ் பிஃபோர் 24' என்று போகும். முதலாளி சொன்ன எதுவும் விடுபடாது, அதுதான் இதன் பலம். ஆனால் மரியாதை போய்விடும். 'எப்படியும்' என்று நாம் சொல்வது தைரியம் கொடுக்க. அதுவே 'சம்ஹவ்' ஆனதும், எப்படி முடிப்பது என்று இவர்களுக்கே தெரியவில்லை என்ற பொருள் வந்துவிடுகிறது. 'தப்பா நெனச்சுக்காதீங்க' தமிழில் ஒரு முன்னுரை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால், பையர் நம்மைத் தவறாக நினைக்கக்கூடியவர் என்று நாமே சொன்னதுபோல ஆகிறது.

'கொஞ்சம்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். 'கொஞ்சம் சொல்லுங்க' என்பதில் அது அளவு கிடையாது, வெறும் பணிவு. அதை 'லிட்டில்' என்று எழுதவே கூடாது. 'கொஞ்சம் லேட்டு' என்பதில் அது அளவு. அங்கே பையருக்கு வேண்டியது எண். ஒரே சொல்லை ஓரிடத்தில் தூக்கிவிட வேண்டும், இன்னோரிடத்தில் எண்ணாக மாற்ற வேண்டும். சொல்லுக்குச் சொல் போகிறவர் இரண்டையும் செய்வதில்லை.

இரண்டாவது வழி, சாற்றை மட்டும் எடுப்பது. 'டையிங் டிலேட். நியூ எக்ஸ்-ஃபேக்டரி டேட் 24. ப்ளீஸ் கன்ஃபர்ம்.' புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைத்தான் நல்ல பிசினஸ் ஆங்கிலம் என்று நினைக்கிறார்கள். இலக்கணம் சரி, நீளமும் சரி. ஆனால் முதலாளி கேட்டது ஒரு சலுகை. இங்கே அது அறிவிப்பாக மாறிவிட்டது. தேதியை நாமே மாற்றிவிட்டு பையரைக் கையெழுத்துப் போடச் சொல்வதுபோல இருக்கிறது. 'ப்ளீஸ்' சேர்த்தாயிற்றே என்பார்கள். தமிழில் 'அனுப்புங்க', 'சொல்லுங்க' என்பதில் வரும் 'ங்க' ஒன்றே ஏவலைப் பணிவாக்கிவிடும். ஆங்கிலத்தில் ஏவல் வினையோடு 'ப்ளீஸ்' சேர்த்தாலும் அது ஏவலாகவே நிற்கும், சில இடங்களில் பொறுமை இழந்த குரலாகவும் கேட்கும். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று எழுதினாலும் இதே கதைதான். நமக்கு அது பணிவு; இன்றைய இங்கிலாந்துக்காரர் காதுக்கு அது பழைய அரசாங்கக் கடிதம்.

ஆனாலும் கண்டெய்னர் எண், பேங்க் விவரம், கார்ட்டன் அளவு மாதிரி விஷயங்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன். அங்கே அலங்காரம் சேர்த்தால் எண் கண்ணில் படாது.

மூன்றாவது வழியைத்தான் நான் பின்பற்றுகிறேன். தமிழ் மரியாதை எந்த வேலையைச் செய்கிறது என்று பார்த்து, அதே வேலையை ஆங்கிலம் எதை வைத்துச் செய்கிறதோ அதை எடுத்துக்கொள்வது. தமிழ் அதை வினையின் வாலில் வைக்கிறது. ஆங்கிலம் கேள்வி வடிவத்தில், 'குட்', 'வுட்' போன்ற துணைவினையில், காரணம் சொல்வதில், எதிராளி மறுக்க வழி விடுவதில் வைக்கிறது. 'அவங்களே பார்த்து' என்பதன் உயிர், முடிவு உங்கள் கையில் என்பது. ஆகவே 'குட் வீ மூவ் த டேட்' என்ற கேள்வியும், உங்களுக்குச் சிரமம் என்றால் சொல்லுங்கள் என்ற பொருளில் இன்னொரு வாக்கியமும் வர வேண்டும்.

'லேட்டாயிருச்சு' இன்னொரு சிக்கல். யாரால் தாமதம் என்று அந்த வினை சொல்லாது. டையிங்காரர் மேல் பழி போடாமல் பேசும் நாகரிகம் அது. ஆங்கிலத்தில் 'இட் காட் டிலேட்' என்றால் நழுவுவதாகப் படும். 'வீ ஆர் ரன்னிங் பிஹைண்ட்' என்று தாமதத்தை நாமே ஏற்றுக்கொண்டால், டையிங்காரர் பெயரும் வராது, நழுவலும் இருக்காது.

இந்த வழியில் ஒரு கட்டாயம் உண்டு. சொன்னவரிடம் திரும்பக் கேட்காமல் எழுத முடியாது. 'முடிச்சுடலாம்' வாக்குறுதியா, நம்பிக்கையா? தமிழில் இரண்டுக்கும் அதே 'லாம்'தான்; ஆங்கிலத்தில் 'வில்'லும் 'ஷுட்'டும் வேறு வேறு. அனுப்பிய மெயிலுக்கு 'இது உறுதியான தேதியா?' என்று பதில் வந்தால், இந்த இடத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

நான் போன் போட்டேன். "அண்ணா, 24 உறுதிங்களா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "25னே போட்ருங்க" என்றார். காரணமும் அப்போதுதான் வந்தது: நேவி நிறத்தில் ஷேட் ஒத்து வரவில்லை, நம் செக்கிங்கிலேயே பிடித்துவிட்டார்கள், மறுபடி டை செய்கிறார்கள். மற்ற இரண்டு நிறங்களும் தயார். பையர் சம்மதித்தால் அவற்றை 20ஆம் தேதியே அனுப்பிவிடலாம் என்றார். வாய்ஸ் மெசேஜில் இதில் ஒன்றுகூட இல்லை.

மெயிலில் வைத்த வரிசை இது: ஐந்து நாள் பின்தங்கியிருக்கிறோம், வருந்துகிறோம், நேவி எங்கள் சொந்தச் சோதனையில் தேறவில்லை, மறுபடி சாயமிடுகிறோம், 'குட் வீ மூவ் த நேவி ஃப்ரம் த 20த் டு த 25த்?', மற்ற இரண்டு நிறங்களையும் 20லேயே அனுப்ப முடியும், உங்களுக்கு எது வசதி? மொத்தம் நான்கே வாக்கியம். சார், கைண்ட்லி எதுவும் இல்லை. முதல் பெயரில் கையெழுத்துப் போடுகிறவருக்கு 'சார்' விலகலாகத்தான் படும்.

மூன்றாவது வழிக்கும் ஆபத்து உண்டு, அது மன்னிப்பில் இருக்கிறது. முதலாளி 'மன்னிச்சுக்கோங்க' என்பதை வணக்கம் மாதிரிச் சொல்வார். சரக்கில் குறை என்று புகார் வந்திருக்கும் நேரத்தில் அதை 'சாரி ஃபார் அவர் மிஸ்டேக்' என்று எழுதினால், தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு பணத்தைக் கழித்துக்கொள்ள டெபிட் நோட் வரும்போது அந்த வரியையே எடுத்துக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பையருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மட்டும் வருத்தம் சொல்லி, குறை யாருடையது என்பதைச் சோதனை முடியும்வரை எழுதாமல் விடுகிறேன்.

அனுப்பும் முன் என் ஆங்கிலத்தைத் தமிழிலேயே முதலாளிக்குத் திருப்பிச் சொல்வேன். அன்றும் சொன்னேன். "நானு இவ்வளவு விவரமாவா பேசுனேன்?" என்றார். "போன்ல பேசுனீங்கண்ணா" என்றேன். "அப்பச் சரி, அனுப்புங்க."